காலிக் கட்டத்தை நிரப்புவதா, வரியையே நீக்குவதா?

வயது, படிப்பு, வேலை, உடல்நலம் என்று எல்லாக் கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொன்னவர், வருமானம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார். கணக்கெடுப்புத் தரவோடு பழகியவர்களுக்கு இது தினசரிக் காட்சி. அந்தத் தரவை வைத்து ரெக்ரஷன் போட உட்கார்ந்தால் முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். காலி உள்ள வரிகளை நீக்கிவிட்டு முழுமையான வரிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம். இதை முழுவரிப் பகுப்பாய்வு என்போம். R மென்பொருளில் ரெக்ரஷன் போடும் `lm`, `glm` இரண்டும் நம்மைக் கேட்காமலே இதைத்தான் செய்கின்றன. இன்னொரு வழி மல்டிபிள் இம்ப்யூட்டேஷன், அதாவது பன்முறை நிரப்பல். தெரிந்த தகவல்களிலிருந்து காலிக் கட்டத்தின் மதிப்பை ஊகித்து, கொஞ்சம் தற்செயலும் கலந்து நிரப்ப வேண்டும். அப்படி முப்பது நாற்பது பிரதிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ரெக்ரஷன் போட்டு, கடைசியில் சேர்த்துச் சராசரி காண வேண்டும். பிரதிக்குப் பிரதி விடை எவ்வளவு மாறுகிறதோ அது நிலையின்மைக் கணக்கில் சேரும்.

இரண்டில் எது சரி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: வரியை நீக்குவது சோம்பேறி வேலை, காலிகள் முற்றிலும் தற்செயலாக விழுந்திருந்தால்தான் அது செல்லும். நிரப்புவதற்கு அவ்வளவு கடுமையான நிபந்தனை தேவையில்லை, ஆகவே நிரப்புவதே மேல். கட்டுரை மதிப்பாய்வாளர்கள்கூட "ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்பார்களே தவிர, "ஏன் நிரப்பினீர்கள்?" என்று கேட்பது அரிது. ஆனால் ரெக்ரஷனைப் பொறுத்தவரை இந்தப் பதில் பாதிதான் உண்மை. வரியை நீக்கினால் சரியான விடையும், நிரப்பினால் தவறான விடையும் வரும் நிலைமைகள் உண்டு. அவை அபூர்வமானவையும் அல்ல. வருமானக் கேள்வியே அதற்கு நல்ல உதாரணம்.

குழப்பத்துக்குக் காரணம், புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் தொடங்கிவைத்த வகைப்பாட்டை நாம் பயன்படுத்தும் விதம். காலி எதையுமே சாராமல் விழுந்தால் முற்றிலும் தற்செயல். நம் கையில் இருக்கும் தகவல்களை மட்டும் சார்ந்து விழுந்தால் தெரிந்ததைச் சார்ந்த காலி. அந்தக் காலிக் கட்டத்தில் இருந்திருக்க வேண்டிய மதிப்பையே சார்ந்தால் தெரியாததைச் சார்ந்த காலி. வழக்கமான நிரப்பல் முதல் இரண்டு வகைக்குப் பொருந்தும், மூன்றாவதில் சறுக்கும். இதுவரை சரி. ஆனால் முழுவரிப் பகுப்பாய்வு எங்கே செல்லும் என்ற கோடு இந்த வகைப்பாட்டின் வழியாகப் போகவில்லை. அது வேறொரு கேள்வியைச் சார்ந்தது: விளக்க மாறிகளை எல்லாம் நிலைநிறுத்திய பிறகும், ஒரு வரி முழுமையாக இருப்பதற்கும் விளைவு மாறிக்கும் தொடர்பு இருக்கிறதா?

இல்லை என்றால் நீக்குவதால் ரெக்ரஷன் கெடாது. ரெக்ரஷன் கேட்பது, இன்ன வருமானமும் இன்ன படிப்பும் உள்ளவர்களிடையே விளைவு எப்படி இருக்கிறது என்பதைத்தான். அதிக வருமானக்காரர்களில் பாதிப் பேர் காணாமல் போனாலும், மீதிப் பாதி அவர்களுக்கு நேர்மையான மாதிரியாக இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை மாறாது. சராசரி வருமானம் என்ன என்று கேட்டால் மட்டும் தவறான எண் வரும்.

கணக்காகவே பார்ப்போம். எண்களைக் கையால் சரிபார்க்கும்படி எளிமையாக வைக்கிறேன். மொத்தம் 2000 பேர், 1000 பட்டதாரிகள், 1000 பேர் பட்டம் பெறாதவர்கள். பட்டதாரிகளில் 600 பேருக்கு உயர் வருமானம், 400 பேருக்குக் குறைந்த வருமானம். மற்றவர்களில் 200 பேருக்கு உயர் வருமானம், 800 பேருக்குக் குறைந்தது. விளைவு மாறி, வாழ்க்கையில் திருப்தி உண்டா இல்லையா என்பது. உண்மை நிலை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: உயர் வருமானக்காரர்களில் 70% பேருக்குத் திருப்தி, குறைந்த வருமானக்காரர்களில் 30% பேருக்கு. வருமானம் ஒன்றாக இருந்தால் பட்டத்தால் எந்த வித்தியாசமும் இல்லை. அதாவது படிப்பின் உண்மையான விளைவு பூஜ்யம், வருமானத்தின் விளைவு 40 புள்ளி.

முதல் நிலைமை. குறைந்த வருமானக்காரர்கள் எல்லோரும் வருமானத்தைச் சொல்லிவிடுகிறார்கள். உயர் வருமானக்காரர்களில் முக்கால்வாசிப் பேர், திருப்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொல்ல மறுக்கிறார்கள். நிஜத்தில் இவ்வளவு இருக்காது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதற்காக மிகைப்படுத்தியிருக்கிறேன். பட்டம் பெற்ற உயர் வருமானக்காரர் 600 பேரில் 150 பேர் மிஞ்சுகிறார்கள், அவர்களில் 105 பேருக்குத் திருப்தி. அது 70%. பட்டம் பெறாத 200 பேரில் 50 பேர் மிஞ்ச, 35 பேருக்குத் திருப்தி. அதுவும் 70%. குறைந்த வருமானக்காரர்கள் அப்படியே இருப்பதால் அங்கே இரு பக்கமும் 30%. முழு வரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் படிப்பின் விளைவு பூஜ்யம், வருமானத்தின் விளைவு 40 புள்ளி. 2000 பேரில் 600 பேரைத் தூக்கி எறிந்த பிறகும் விடை அச்சு அசலாகச் சரி.

இப்போது அதே தரவை நிரப்புவோம். நிரப்பும் மாடலுக்குப் படிப்பும் திருப்தியும் தெரியும், எதையும் மறைக்கவில்லை. திருப்தி உள்ள பட்டதாரிகளில் வருமானம் சொன்னவர்கள் 225 பேர், அவர்களில் 105 பேருக்கு உயர் வருமானம். அது சுமார் 47%. ஆகவே இந்தப் பிரிவில் சொல்லாமல் விட்ட 315 பேரிலும் 47%, அதாவது 147 பேரை உயர் வருமானத்திலும் 168 பேரைக் குறைந்த வருமானத்திலும் மாடல் போடுகிறது. உண்மையில் அந்த 315 பேருமே உயர் வருமானக்காரர்கள். இப்படியே நான்கு பிரிவுகளையும் நிரப்பி முடித்தால், உயர் வருமானப் பட்டதாரிகளில் திருப்தி 79.8%, பட்டம் பெறாத உயர் வருமானக்காரர்களில் 74.9%. குறைந்த வருமானத்தில் அதுவே 42.1%, 35.5%. எங்குமே இல்லாத படிப்பின் விளைவு இப்போது 5 முதல் 7 புள்ளி வரை முளைத்துவிட்டது.

ஏன் என்று யோசித்தால் புரியும். நிரப்பல் பல உயர் வருமானக்காரர்களைக் குறைந்த வருமானப் பெட்டியில் போட்டுவிட்டது. அவர்களுடைய திருப்திக்கு இனி வருமானம் காரணமாக முடியாது. பட்டதாரிகளில்தான் உயர் வருமானக்காரர்கள் அதிகம் என்பதால், அந்தத் திருப்தி பட்டத்தின் கணக்கில் ஏறுகிறது. வருமானத்தைச் சரியாக அளக்காமல் ரெக்ரஷனில் போட்டால் என்ன ஆகுமோ அதேதான். இதில் வினோதம் என்னவென்றால், ஒவ்வொரு படிப்புப் பிரிவுக்குள்ளும் வருமானத்துக்கும் திருப்திக்கும் இடையிலான ஆட்ஸ் ரேஷியோ நிரப்பிய பிறகும் உண்மை மதிப்பிலேயே, சுமார் 5.4-இலேயே நிற்கிறது. காலி விழுந்த மாறியின் எண்ணை மட்டும் பார்த்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று நிம்மதியடைபவர், பக்கத்து மாறி கெட்டுப்போனதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

இரண்டாவது நிலைமை. அதே 2000 பேர், அதே உண்மை. இந்தத் தடவை வருமானத்தை மறைப்பவர்கள் திருப்தி இல்லாத பட்டதாரிகள். உயர் வருமானமோ குறைந்ததோ, அவர்களில் சரிபாதி பேர் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்ற எல்லோரும் பதில் சொல்கிறார்கள். இப்போது காலி விளைவு மாறியையே சார்ந்திருக்கிறது.

முழு வரிகளில் உயர் வருமானப் பட்டதாரிகள்: திருப்தி உள்ளவர்கள் 420 பேரும் இருக்கிறார்கள், இல்லாதவர்கள் 180 பேரில் 90 பேர்தான். ஆகவே திருப்தி 82.4% ஆகத் தெரிகிறது. குறைந்த வருமானப் பட்டதாரிகளில் 120 பேருக்கு எதிரே 140 பேர், 46.2%. பட்டம் பெறாதவர்களில் 70%, 30% அப்படியே இருக்கின்றன. படிப்பின் விளைவு 12 முதல் 16 புள்ளி என்று தோன்றுகிறது. முழுக்கப் பொய். நிரப்பினால் என்ன ஆகும்? திருப்தி இல்லாத பட்டதாரிகளில் பதில் சொன்ன 230 பேரில் 90 பேருக்கு உயர் வருமானம். சொல்லாத 230 பேரையும் அதே விகிதத்தில் 90, 140 என்று பிரித்துப் போட்டால் அட்டவணை அப்படியே பழைய நிலைக்குத் திரும்புகிறது. எல்லா எண்களும் சரி.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். வருமானத்தை நிரப்பும்போது விளைவு மாறியைச் சேர்க்கலாமா, அது வட்டமாகச் சுற்றுவது போல இல்லையா என்று தயங்கி, படிப்பை மட்டும் வைத்து நிரப்புவார்கள். மேலே உள்ள தரவில் அப்படிச் செய்தால் காலியான 230 பேரில் 152 பேர் உயர் வருமானத்துக்குப் போவார்கள். பட்டதாரிகளிடையே வருமானத்தின் விளைவு 40 புள்ளியிலிருந்து 28 புள்ளியாகச் சுருங்கிவிடும். விளைவு மாறியைப் பார்க்காமல் நிரப்பிய மதிப்புக்கு விளைவோடு தொடர்பே இருக்காது, அது உண்மையான தொடர்பையும் நீர்த்துப்போகச் செய்யும். விளைவு மாறியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நிரப்பல் எவ்வளவு தூரம் தொடர்பை அழித்துவிடும் என்பதற்கு, கணக்கெடுப்பு உலகத்துக்கு வெளியே, பிரபலமான ஒரு சம்பவம் உண்டு. இதய நோய் அபாயத்தைக் கணிக்கும் QRISK மாடல் 2007-இல் முதலில் வெளியானபோது, கொழுப்பு விகிதத்துக்கும் இதய நோய்க்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை என்று அதில் வந்தது. கொழுப்பு அளவு பெரும்பாலான நோயாளிகளுக்குப் பதிவாகாமல் இருந்து, நிரப்பப்பட்டிருந்தது. முழுமையான பதிவுகளை மட்டும் பார்த்தபோது தொடர்பு தெளிவாக இருந்தது. நிரப்பும் முறையை மாற்றிச் செய்த பிறகு அங்கேயும் தொடர்பு திரும்பி வந்தது. மருத்துவம் தெரிந்த எவருக்கும் முதல் விடை உறுத்தியிருக்கும் என்பதால் கோளாறு பிடிபட்டது. நமக்கு முன்கூட்டியே விடை தெரியாத மாறியாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, நம் தரவு முதல் நிலைமையா இரண்டாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமாகச் செய்வது, வருமானம் காலியா இல்லையா என்பதையே ஒரு மாறியாக்கி, மற்ற மாறிகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது.

```r
d$miss <- is.na(d$income)
summary(glm(miss ~ satisfied + degree,
            family = binomial, data = d))
```

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நிலைமையின் எண்களையே போட்டுப் பாருங்கள். திருப்தி உள்ள 920 பேரில் 420 பேருக்கு வருமானம் காலி, கிட்டத்தட்ட 46%. திருப்தி இல்லாத 1080 பேரில் 180 பேருக்குத்தான், 17%. பட்டதாரிகளை மட்டும் எடுத்தாலும் 58%-க்கு எதிராக 29%. திருப்திக்கும் காலிக்கும் பலமான தொடர்பு இருப்பதாக மென்பொருள் நட்சத்திரக் குறிகளோடு சொல்லும். "காலி விளைவைச் சார்ந்திருக்கிறது, நீக்கக் கூடாது, நிரப்ப வேண்டும்" என்ற முடிவுக்குப் பலரும் இங்கேதான் வருகிறார்கள். ஆனால் முதல் நிலைமையில் யாரும் திருப்தியால் மறுக்கவில்லை. வருமானத்தால் மறுத்தார்கள், அதே வருமானம் திருப்தியையும் கூட்டியது. அந்தத் தொடர்பு வருமானத்தின் வழியாக வந்தது. வருமானத்தை நிலைநிறுத்திப் பார்த்தால் மறைந்துவிடும், ஆனால் நிலைநிறுத்துவதற்கு வேண்டிய வருமானம்தான் காலியாக இருக்கிறதே. எவ்வளவு பெரிய மாதிரி எடுத்தாலும் தரவு மட்டும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஆகவே முடிவு செய்ய உதவுவது, கேள்வித்தாளும் களத்தில் நடந்ததும்தான். என் வழக்கம், மாடலைத் தொடுவதற்கு முன் ஒரு கட்டம் காலியாவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று எழுதிப் பார்ப்பது. எந்தக் கேள்வி எந்த வரிசையில் வந்தது? மறுத்தார்களா, தெரியாது என்றார்களா, நேரம் போதாமல் நேர்காணல் பாதியில் நின்றதா? இவை தனித்தனிக் குறியீடாகப் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுப்பு பெரும்பாலும் வருமானத்தையே சார்ந்திருக்கும். பாதியில் நின்ற நேர்காணலின் காலிகள் வேறு காரணத்தால் வந்தவை, அவற்றை நிரப்புவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. காலமும் முக்கியம். வருமானத்தை இப்போது கேட்டு, விளைவை ஐந்து வருடம் கழித்து அளக்கும் தொடர் ஆய்வில், இன்று மறுத்ததற்கு ஐந்து வருடம் கழித்து வரப்போகும் விளைவு காரணமாக முடியாது. இரண்டையும் பாதிக்கும் வேறொரு காரணி ரெக்ரஷனுக்கு வெளியே நின்றால்தான் சிக்கல். அப்படிப்பட்ட ஆய்வுகளில் முழுவரிப் பகுப்பாய்வுக்கு நியாயம் அதிகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும் ஆய்வில், அன்றைய மனநிலை திருப்திக்கான பதிலையும் வருமானத்தை மறைப்பதையும் ஒருசேர ஆட்டிவைக்கலாம். அங்கே எனக்கு அவ்வளவு தைரியம் வராது.

முழுவரிப் பகுப்பாய்வின் பக்கம் சாய்ந்து எழுதுவதாகத் தோன்றலாம். அதற்கும் எல்லை உண்டு. முதல் நிலைமையில் அது பிழைத்ததற்கு ஒரு காரணம், மாடலின் வடிவம் சரியாக இருந்தது. வருமானம் தொடர்ச்சியான எண்ணாக இருந்து, மேல்முனை ஆட்கள் பெரும்பாலும் காணாமல் போய், மேலே போகப் போகத் திருப்தியின் ஏற்றம் மட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியவர்களை வைத்துப் போட்ட நேர்கோடு கீழ்ப்பகுதியின் ஏற்றத்தை மட்டும் காட்டும். அடுத்தது இழப்பு. பத்து மாறிகள், ஒவ்வொன்றிலும் 5% காலி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுந்திருந்தால், 0.95-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள். முழு வரிகள் 60%தான் மிஞ்சும். விடை ஒரு பக்கமாகப் பிசகாவிட்டாலும் நம்பிக்கை இடைவெளி அகன்றுவிடும். ஒரே ஒரு கட்டம் காலி என்பதற்காக ஒன்பது பதில்களை வீசும் இடத்தில் நிரப்பல் நன்றாக உழைக்கும்.

காலி விளைவு மாறியில் மட்டும் இருந்தால் விஷயம் சின்னது. காலி ரெக்ரஷனில் உள்ள விளக்க மாறிகளை மட்டும் சார்ந்திருந்தால் நீக்கினாலே போதும். அதே மாறிகளை வைத்து விளைவை நிரப்பினால் புதுத் தகவல் எதுவும் வராது, தற்செயல் இரைச்சல்தான் கூடும். ரெக்ரஷனில் இல்லாத, ஆனால் விளைவோடு நெருங்கிய துணைத் தகவல் கையில் இருந்தால் மட்டும் நிரப்புவதில் லாபம் உண்டு. உதாரணமாக, போன சுற்றில் அதே ஆள் சொன்ன திருப்தி.

நிஜத் தரவில் இரண்டு வகைக் காலிகளும் கலந்தே இருக்கும். அப்போது இரண்டில் ஒன்றை எல்லா மாறிக்கும் பொருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. ராடெரிக் லிட்டிலும் நான்ஹுவா ஜாங்கும் 2011-இல் முன்வைத்த வழி இது: தன் மதிப்பையே சார்ந்து காலியாவதாகச் சந்தேகப்படும் மாறியில், நம் உதாரணத்தில் வருமானத்தில், காலி உள்ள வரிகளை முதலில் நீக்கிவிடுவது. மிஞ்சிய வரிகளில் மற்ற மாறிகளின் காலிகளை நிரப்புவது. செய்வது சுலபம், நியாயமும் தெளிவு. ஆனாலும் கட்டுரைகளில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

நிரப்பித்தான் ஆக வேண்டும், ஆனால் உயர் வருமானக்காரர்கள் மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் இருக்கிறது என்றால், நிரப்பிய மதிப்புகளை வேண்டுமென்றே மேலே தள்ளிப் பார்க்கலாம். ஸ்டெஃப் வான் பியூரனின் `mice` தொகுப்பில் இதற்கு வசதி உண்டு. வருமானத்தின் மடக்கையை நிரப்பி, நிரப்பிய ஒவ்வொரு மதிப்போடும் 0.3 கூட்டுவது இப்படி:

```r
library(mice)
d$loginc <- log(d$income)
d$income <- NULL
d$miss <- NULL
post <- make.post(d)
post["loginc"] <- "imp[[j]][, i] <- imp[[j]][, i] + 0.3"
imp <- mice(d, m = 30, post = post, seed = 7)
fit <- with(imp, glm(satisfied ~ loginc + degree,
                     family = binomial))
summary(pool(fit))
```

மடக்கையில் 0.3 கூட்டுவது, மறைத்தவர்களின் வருமானம் அதே படிப்பும் திருப்தியும் உள்ள மற்றவர்களைவிடச் சுமார் 35% அதிகம் என்று அனுமானிப்பதற்குச் சமம். `d`-க்குள் பகுப்பாய்வுக்கு வேண்டிய மாறிகள் மட்டும் இருக்கட்டும். மடக்கை எடுத்த பிறகு பழைய `income` மாறியையும், மேலே செய்த `miss` மாறியையும் நீக்குவது அதற்காகத்தான். 0, 0.15, 0.3, 0.5 என்று மாற்றி மாற்றி ஓட்டி, படிப்பின் எண் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் 2000 பேரின் முதல் நிலைமையில் இதன் முனைகளைக் கையாலேயே கணக்கிடலாம். மறைத்த 600 பேரையும் குறைந்த வருமானத்தில் போட்டால், அந்தப் பெட்டியில் படிப்பின் விளைவு சுமார் 15 புள்ளி. சாதாரணமாக நிரப்பினால் 5 முதல் 7. எல்லோரையும் உயர் வருமானத்தில் போட்டால் பூஜ்யம், முழுவரிப் பகுப்பாய்வு சொன்ன அதே விடை. மறைத்தவர்கள் யார் என்ற அனுமானத்தை நகர்த்தினாலே 15-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் ஒரு எண்ணை, "படிப்பின் விளைவு 6 புள்ளி" என்று ஒற்றை வரியில் அட்டவணையில் போடுவதற்குப் பதிலாக, இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். அட்டவணையில் கூடுதலாக இரண்டு வரிதான் ஆகும்.